உப்புப் படிகத்தில் ஓர் அயனிக்கு எத்தனை அண்டை அயனிகள்?

சோடியம் குளோரைடில் ஒவ்வொரு சோடியம் அயனியையும் 6 குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கின்றன. சீசியம் குளோரைடில் அதே குளோரைடு அயனிகள் 8 சூழ்கின்றன. ஜிங்க் பிளெண்ட் எனப்படும் துத்தநாக சல்பைடிலோ ஒரு துத்தநாகத்துக்கு 4 சல்பைடுகள்தான். இந்த எண்ணிக்கைக்கு அணைவு எண் என்று பெயர். அயனிகளின் பருமனைக் கொண்டே இதைக் கணித்துவிடலாம் என்பதுதான் ஆர விகித விதி. நார்வேயில் பணியாற்றிய கோல்ட்ஷ்மிட் 1920களில் இதைப் பரவலாக்கினார். 1929இல் லைனஸ் பாலிங் வகுத்த படிக விதிகளில் முதலாவதில் இதுவும் இடம்பெற்றது.

அயனிகளைக் கெட்டியான கோளங்களாக எண்ணிக்கொள்வதில் விதி தொடங்குகிறது. பெரும்பாலும் எதிர்மின் அயனி பெரியது, நேர்மின் அயனி சிறியது. பெரியவை ஒன்றையொன்று தொட்டு நிற்க, நடுவே கிடைக்கும் குழியில் சிறியது உட்காருகிறது. 6 அண்டைகள் கொண்ட எண்முகி அமைப்பில், நேர்மின் அயனியைச் சுற்றி ஒரே தளத்தில் நிற்கும் 4 எதிர்மின் அயனிகளை மட்டும் பார்த்தால் போதும். அவற்றின் மையங்கள் ஒரு சதுரத்தின் மூலைகள். பெரிய அயனியின் ஆரம் R, சிறியதன் ஆரம் r என்றால் சதுரத்தின் பக்கம் 2R, மூலைவிட்டம் 2R + 2r. மூலைவிட்டம் பக்கத்தைப் போல √2 மடங்கு என்பதால் r/R = √2 − 1 = 0.414. இதே கணக்கைக் கனசதுரத்தின் உள் மூலைவிட்டத்துக்குப் போட்டால் 8 அண்டைகளுக்கு 0.732 வருகிறது, நான்முகிக்கு 0.225.

விகிதம் 0.414க்குக் கீழே போனால் 6 எதிர்மின் அயனிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ள, நடுவிலிருப்பது எதையும் தொடாமல் தளர்ந்துவிடும். ஆகவே 4 அண்டைகளே மேல். 0.732ஐத் தாண்டினால் 8 பேருக்கு இடம் உண்டாகிறது.

மூன்று மாதிரிகளும் விதிக்கு நன்றாகவே பொருந்துகின்றன. சோடியத்தின் ஆரம் 102 பிகோமீட்டர், குளோரைடின் ஆரம் 181, விகிதம் 0.56, எனவே 6. சீசியத்தின் ஆரம் 167, விகிதம் 0.92, எனவே 8. துத்தநாகத்துக்கு 4 அண்டைகள் உள்ள நிலையில் ஆரம் 60, சல்பைடுக்கு 184, விகிதம் 0.33, எனவே 4. சோடியம் குளோரைடை எக்ஸ் கதிர் அளவீட்டாலும் சரிபார்க்கலாம். அதில் அடுத்தடுத்த குளோரைடு மையங்களின் இடைவெளி 399 பிகோமீட்டர். தொட்டுக்கொண்டிருந்தால் 362 ஆக இருக்க வேண்டும். அதாவது குளோரைடுகள் விலகி நிற்கின்றன, சோடியம் குழியை நிரப்பியிருக்கிறது. விதி சொல்லும் படம் இங்கே அப்படியே இருக்கிறது.

பாடநூல்கள் பெரும்பாலும் இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்கின்றன. லித்தியம் முதல் சீசியம் வரையிலான கார உலோகங்களின் ஹாலைடுகள் 20ஐயும் இதே ஆர அட்டவணையால் சோதித்தால் விதி 11இல்தான் சரியாக வருகிறது. பொட்டாசியம் குளோரைடின் விகிதம் 0.76. கணக்குப்படி 8 அண்டைகள் இருக்க வேண்டும், ஆனால் அதன் அமைப்பு பாறை உப்பினுடையதே. ரூபிடியம் குளோரைடும் (0.84) அப்படித்தான். சாதாரண நிலையில் சீசியம் குளோரைடு அமைப்பை ஏற்பவை சீசியத்தின் குளோரைடு, புரோமைடு, அயோடைடு மூன்றே.

காரணம் எல்லைகளின் தன்மையில் இருக்கிறது. 0.732 என்பது 8 பேர் நிற்க இடமுண்டு என்றுதான் சொல்கிறது. 6 பேர் நிற்கக் கூடாது என்று சொல்லவில்லை. எது அமையும் என்பதை ஆற்றலே தீர்மானிக்கிறது. மின்கவர்ச்சியை அளக்கும் மேட்லங் மாறிலி பாறை உப்புக்கு 1.748, சீசியம் குளோரைடு அமைப்புக்கு 1.763. ஆதாயம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் அண்டைகள் 6இலிருந்து 8 ஆகும்போது நெருக்கடியால் அயனிகளின் இடைவெளி சில சதவீதம் நீள்கிறது, கவர்ச்சி அந்த அளவுக்குக் குறைகிறது. ஆதாயத்தைவிட இழப்பு பெரிது. சீசியம் போன்ற பருத்த அயனிகளில் மட்டும், மின்மேகங்கள் ஒன்றையொன்று தூண்டிப் பிறக்கும் வான் டெர் வால்ஸ் கவர்ச்சி கூடுதல் அண்டைகளால் வலுத்து, கணக்கை மறுபக்கம் சாய்க்கிறது.

கீழ் எல்லையும் மீறப்படுகிறது. லித்தியம் அயோடைடில் (76, 220) விகிதம் 0.35, ஆயினும் அது பாறை உப்பு அமைப்பே. அதில் அயோடைடு மையங்களின் இடைவெளி சுமார் 424 பிகோமீட்டர். இரண்டு ஆரங்களின் கூட்டுத்தொகை 440. கெட்டிக் கோளங்கள் இப்படி ஒன்றுக்குள் ஒன்று புக முடியாது. அயனியின் விளிம்பு மென்மையானது என்பதற்கு இது நேரடிச் சான்று.

ஜிங்க் பிளெண்ட் அமைப்பில் இன்னொரு சிக்கல். பாதரச சல்பைடின் கரிய வடிவத்தில் விகிதம் 0.55, ஆனாலும் ஒவ்வொரு பாதரசத்துக்கும் 4 அண்டைகளே. அங்கே பிணைப்பின் பெரும்பகுதி எலக்ட்ரான் பங்கீடு. அது திசையோடு அமைவதால் கோள வடிவக் கணக்கு பொருந்துவதில்லை. துத்தநாக சல்பைடில் கிடைத்த சரியான விடையும் ஓரளவு தற்செயலே என்று கொள்வதுதான் நேர்மை.

விகிதத்துக்கு வெப்பமும் அழுத்தமும் தெரியாது. ரூபிடியம் குளோரைடை அழுத்தினால் 8 அண்டைகளுக்கு மாறுகிறது. சீசியம் குளோரைடைச் சுமார் 470 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் 6க்கு இறங்கிப் பாறை உப்பு அமைப்பாகிறது.