கேள்வி மாறினால் ஆய்வும் மாறும்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டின் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. இதை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, தன் கேள்வி எந்த வகை என்பதை.

பள்ளியில் உணவு இருந்தும் சில பிள்ளைகள் ஏன் சாப்பிடுவதில்லை? காரணங்களே தெரியாத நிலையில் கேள்வித்தாள் அடிக்க முடியாது. பெற்றோரிடமும் சமைப்பவர்களிடமும் உட்கார்ந்து பேச வேண்டும். இது தேடல் ஆய்வு. புதிய காரணம் எதுவும் கிடைக்காத கட்டத்தில் பேட்டிகளை நிறுத்தலாம்.

எத்தனை சதவீதம் பேர் சாப்பிடுகிறார்கள்? இது விவரண ஆய்வு. இதன் உயிர் மாதிரித் தேர்வில் இருக்கிறது. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் எடுத்த கணக்கு அந்தப் பள்ளிக்கு மட்டுமே பொருந்தும். மாவட்டத்தைப் பற்றிச் சொல்ல, மாவட்டப் பள்ளிகளின் பட்டியலிலிருந்து குலுக்கித்தான் எடுக்க வேண்டும்.

சாப்பிடும் பிள்ளைகளின் வருகை அதிகமாக இருக்கிறதா? இது ஒட்டுறவு ஆய்வு. ஆம் என்று விடை வந்தாலும், உணவால்தான் வருகை கூடியது என்று எழுதிவிடக் கூடாது. நாள் தவறாமல் நேரத்தோடு வரும் பிள்ளைக்குத்தான் காலை உணவும் தவறாமல் கிடைக்கும். அப்படியானால் காரணம் வருகை, விளைவு உணவு.

உணவு வருகையைக் கூட்டியதா என்பதே நான்காவது கேள்வி. இதற்குக் காரண விளக்க ஆய்வு தேவை. திட்டம் கட்டம் கட்டமாக வந்தது இங்கே கைகொடுக்கிறது. முதல் கட்டப் பள்ளிகளையும், 2023 ஆகஸ்டில்தான் உணவு கிடைத்த பள்ளிகளையும் எடுத்து, 2022 ஜூன்–ஆகஸ்ட் வருகையை நவம்பர்–பிப்ரவரி வருகையோடு ஒப்பிடலாம். ஒரு பேச்சுக்கு, முதல் வகையில் வருகை 84 சதவீதத்திலிருந்து 90 ஆகவும், இரண்டாவதில் 86இலிருந்து 88 ஆகவும் உயர்ந்ததாக வைத்துக்கொள்வோம். உயர்வு ஆறும் இரண்டும். அந்த இரண்டு, உணவு இல்லாமலே வந்தது. அதைக் கழித்தால் உணவின் பங்கு நான்கு புள்ளி.

உணவு வராமல் இருந்திருந்தால் இரு வகைப் பள்ளிகளும் ஒரே போக்கில் சென்றிருக்கும் என்பதே இந்தக் கணக்கின் அடிப்படை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வருகையை மாதவாரியாக வரைந்து பாருங்கள். அப்போதே இரு கோடுகளும் வேறு திசையில் போனால், நான்கு புள்ளி என்ற விடையை நம்ப முடியாது. 2021–22ஐ அடிப்படை ஆண்டாகக் கொள்வதும் ஆபத்து; கொரோனாவால் தொடக்கப் பள்ளிகள் அந்த நவம்பரில்தான் திறந்தன.

கையில் ஒரு பள்ளியும் ஒரு மாதமும் மட்டும் இருந்தால் நான்காவது கேள்வியைத் தொடாதீர்கள். முதல் கேள்விக்கு அவை போதும்.