மூன்று மாத்திரையும் ஒரு ஜலதோஷமும்

திங்கட்கிழமை காலை தொண்டையில் லேசான கரகரப்பு. மாலைக்குள் அடுக்குத் தும்மல். செவ்வாயன்று மூக்கு ஒழுகுகிறது, புதனன்று தலை பாரமாகிறது. வியாழன் காலை சளி மஞ்சளாகத் திரண்டதும் பயம் வந்துவிடுகிறது. தெருமுனை மெடிக்கலில் "சளி புடிச்சிருக்கு, ஏதாவது ஆன்டிபயாடிக் குடுங்க" என்று கேட்டால், அசித்ரோமைசின் 500 மில்லிகிராம், மூன்று மாத்திரை உள்ள அட்டை கைக்கு வருகிறது. தினம் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மூக்கு திறந்துகொள்கிறது. மாத்திரை கேட்டுவிட்டது என்று வீடே நம்புகிறது.

உண்மையில் கேட்டது காலண்டர்தான். சாதாரண ஜலதோஷம் இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், அதன்பின் தானே இறங்கி, பெரும்பாலும் ஏழு முதல் பத்து நாளுக்குள் முடிந்துவிடும். உச்சத்தில் இருக்கும்போதுதான் மனிதர்கள் மருந்துக் கடைக்குப் போகிறார்கள். அதற்குப் பிறகு என்ன விழுங்கினாலும் பேர் அதற்குத்தான். மருந்து சாப்பிட்டால் ஒரு வாரம், சாப்பிடாவிட்டால் ஏழு நாள் என்று பெரியவர்கள் கேலியாகச் சொல்வதில் மருத்துவம் இருக்கிறது.

சரி, மாத்திரை உள்ளே போய் என்னதான் செய்தது? அசித்ரோமைசின் குறிவைப்பது பாக்டீரியாவின் ரைபோசோமை. உயிர்வாழத் தேவையான புரதங்களைச் செய்கிற பட்டறை அது. மருந்து அதில் போய் ஒட்டிக்கொண்டால் பட்டறை நின்றுவிடும். மனித செல்லிலும் ரைபோசோம் உண்டு, ஆனால் அதன் அமைப்பு வேறு. அதனால் நம் பட்டறை ஓடிக்கொண்டே இருக்கும். பென்சிலின் வகை மருந்துகள் இன்னொரு வழியில் போகின்றன. பாக்டீரியா தன்னைச் சுற்றி எழுப்பும் செல்சுவரை அவை கட்டவிடாது. நம் செல்களுக்குச் சுவரே கிடையாது என்பதால் நமக்குச் சேதமில்லை.

ஜலதோஷத்துக்கு முக்கியக் காரணமான ரைனோவைரஸிடம் இந்த இரண்டுமே இல்லை. பாக்டீரியா ஒரு தேங்காய் அளவு என்றால் இது ஒரு பட்டாணி. புரத ஓட்டுக்குள் சுருட்டி வைத்த ஒரு மரபணுச் சரடு, அவ்வளவுதான். தின்பதில்லை, மூச்சுவிடுவதில்லை, தனியாக இருந்தால் பெருகுவதுமில்லை. மூக்கின் உட்தோலில் உள்ள செல்லுக்குள் நுழைந்து, நம்முடைய ரைபோசோமைக் கொண்டே தன் நகல்களைச் செய்துகொள்கிறது. இடிக்கச் சுவர் இல்லை, நிறுத்தச் சொந்தப் பட்டறையும் இல்லை. மாத்திரையின் வீரியத்தைக் கூட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. வைரஸுக்கு மருந்தே கிடையாதா என்றால், இன்ஃபுளுயன்சா போன்ற சிலவற்றுக்கு உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்களில் வரும் ரைனோவைரஸுக்கு இதுவரை இல்லை.

அந்த மஞ்சள் சளி? படித்தவர்களையும் ஏமாற்றுகிற இடம் இது. கிருமியோடு மல்லுக்கட்ட மூக்கில் வந்து குவியும் வெள்ளை அணுக்களிடம் பச்சை நிறமுள்ள ஒரு நொதி இருக்கிறது. அவை பெருகப் பெருகச் சளி மஞ்சளாகி, பச்சையாகும். வந்திருப்பது வைரஸா பாக்டீரியாவா என்பதை நிறம் சொல்லாது.

நாட்கள்தான் ஓரளவு சொல்லும். பத்து நாள் தாண்டியும் கொஞ்சம்கூடக் குறையவில்லை. அல்லது குறைந்துவந்து, ஐந்தாறு நாளில் மறுபடி காய்ச்சலும் முகவலியுமாகத் திரும்புகிறது. அப்படியானால் சைனஸில் பாக்டீரியா குடியேறியிருக்கலாம். மூக்கொழுகலும் இருமலும் இல்லாமல், காய்ச்சலோடு தொண்டை மட்டும் கடுமையாக வலித்து, டான்சிலில் வெள்ளைப் படலமும் கழுத்தில் தொட்டால் வலிக்கும் நெரிகட்டியும் இருந்தால், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மீது சந்தேகம் விழும். அதற்கு ஆன்டிபயாடிக் அவசியம். கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பழுதாகலாம். மூச்சுத்திணறல் என்றால் எத்தனையாவது நாள் என்றெல்லாம் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது.

வைரஸைத் தொடாத மாத்திரை உடம்பில் சும்மா இருப்பதுமில்லை. குடலில் வாழும் பாக்டீரியாக்களைத் தாக்குவதால் சிலருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. அசித்ரோமைசினுக்கு இன்னொரு குணமும் உண்டு: திசுக்களில் தங்கி மெதுவாகத்தான் வெளியேறும். கடைசி மாத்திரைக்குப் பிறகும் பல நாள் அதன் மிச்சம் உள்ளே இருக்கும். அந்தக் குறைந்த அளவில் சாகாமல் தப்பும் பாக்டீரியாக்கள் பெருகி, மருந்துக்கு அடங்காத வம்சமாகின்றன.

ஆன்டிபயாடிக் அட்டைகளில் ஓடும் சிவப்புக் கோட்டுக்கு, மருத்துவர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்று பொருள். அதை விளக்கி 2016-இல் மத்திய அரசு பிரசாரமே நடத்தியது. மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும் கடைகளில் அந்தக் கோடு யார் கண்ணிலும் படுவதில்லை. இத்தனைக்கும் இந்தியாவில் டைஃபாய்டு கிருமி சிப்ரோஃபிளாக்சசினுக்குப் பெரும்பாலும் அடங்காமல் போய்விட்ட நிலையில், வாய்வழியாகக் கொடுக்க மருத்துவர்களிடம் மிஞ்சியிருக்கும் சில மருந்துகளில் ஒன்று, ஜலதோஷத்துக்கு வாங்கப்படும் இதே அசித்ரோமைசின்தான்.