விடுமுறைக்கு எங்கே செல்வது? – ஓர் அட்டவணை முறை

விடுமுறைப் பயணத்தைப் பற்றி வீட்டிலே பேச்செழுந்தால், பெரும்பாலும் உரத்த குரலுக்கு உரியவர் விரும்பும் ஊரே முடிவாகின்றது. ஒவ்வோர் ஊரையும் சில அளவைகளால் அளந்து, புள்ளியிட்டு ஒப்பிடும் வழியொன்றுண்டு. 1772 இல் பெஞ்சமின் பிராங்கிளின் தம் நண்பர் பிரீஸ்ட்லிக்கு எழுதிய கடிதத்திலே, ஒரு காரியத்தின் சார்பும் எதிருமான நியாயங்களை இரு பக்கமாக எழுதிச் சமமானவற்றை வெட்டிக் கழிக்குமாறு கூறினார். நாம் இங்கே விளக்கும் அட்டவணை அதற்கு உறவுடையதே.

யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்றைக் கற்பனை செய்துகொள்வோம். தாய், தந்தை, பிள்ளைகள் இருவர், முழங்கால் நோவுடைய ஆச்சி ஆகிய ஐவர். ஓகஸ்ட் மாதத்திலே நான்கு நாள் ஓய்வு. நுவரெலியா, திருகோணமலை, நெடுந்தீவு என மூன்று யோசனைகள். செலவு, பிரயாசை, காலநிலை, மகிழ்ச்சி என்னும் நான்கிற்கும் ஒன்று முதல் ஐந்து வரை புள்ளியிடுதல் வேண்டும். கையிருப்புக்கு முற்றாக மிஞ்சிய யோசனையை அட்டவணையிற் சேர்த்தலே கூடாது. சேர்த்தால், மற்றப் புள்ளிகள் அதனை மேலே தூக்கிவிடும்.

இங்கே பலர் இடறுவர். மகிழ்ச்சி மிகுந்தால் ஐந்து என்பது தெளிவு. ஆனால் செலவு மிகுந்தாலும் ஐந்து என எழுதிக் கூட்டினால், விலையுயர்ந்த பயணமே வெல்லும்! ஆதலின் செலவு குறைந்ததற்கும் பிரயாசை குறைந்ததற்குமே ஐந்து இடவேண்டும். புள்ளி இடுகையில் ஓர் ஊரை முடித்து மற்றதற்குச் செல்லாது, ஒரு நிரலை முடித்து அடுத்த நிரலுக்குச் செல்லுதல் நன்று. இல்லாவிடில், பிடித்த ஊருக்கு எல்லா நிரலிலும் கை தாராளமாகிவிடும்.

அடுத்தது கனம். நான்கு அளவைகளும் இக்குடும்பத்திற்கு ஒரே அளவு முக்கியமல்ல. பத்துப் பங்கில் செலவுக்கு 3, பிரயாசைக்கு 2, காலநிலைக்கு 2, மகிழ்ச்சிக்கு 3 எனப் பகிர்ந்தனர். ஒவ்வொரு புள்ளியையும் அதன் கனத்தாற் பெருக்கிக் கூட்டவேண்டும்.

| ஊர் | செலவு (3) | பிரயாசை (2) | காலநிலை (2) | மகிழ்ச்சி (3) | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| நுவரெலியா | 2 | 1 | 2 | 4 | 24 |
| திருகோணமலை | 3 | 3 | 4 | 4 | 35 |
| நெடுந்தீவு | 5 | 3 | 2 | 3 | 34 |

காலநிலை நிரல் மாதத்தோடு மாறுவது. ஓகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டிலே மழையையும் மூடுபனியையும் தரும். திருகோணமலையிலோ வானம் வெளித்துக் கடல் அமைதியாயிருக்கும். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகேறவேண்டும். சோளகக் காற்றிலே படகு ஆடும், தீவிலே வெயிலும் கடுமை. டிசம்பரில் இதே அட்டவணையை எடுத்தால், வடகீழ்ப் பருவமழையினாலே திருகோணமலையின் 4 ஒன்றாகிவிடும். மொத்தத்தில் ஆறு குறையும். போன ஆண்டுக் கொப்பியைப் பார்த்து எழுதுவோர் இதனை மறப்பர்.

மகிழ்ச்சி நிரலை ஒருவரே நிரப்புதல் முறையன்று. ஐவரும் ஒருவர் தாளை மற்றவர் பாராது எழுதிச் சராசரி எடுத்தனர். நுவரெலியாவுக்கு 5, 5, 5, 4, 1; திருகோணமலைக்கு 5, 4, 4, 4, 3. இரண்டின் சராசரியும் 4 தான். ஆனால் அந்த 1 ஆச்சியுடையது. குளிர் அவருக்கு ஆகாது. சராசரி அவரை மறைத்துவிட்டது. யாராவது 1 இட்டிருந்தால், கூட்டுமுன் அவரிடம் காரணம் கேட்பதே தக்கது. திருகோணமலைக்கு 5 இட்டவரும் ஆச்சியே. கோணேசர் கோயில் அவருக்கு நெடுநாள் ஆசை.

இனி மொத்தத்தைப் பார்ப்போம். 35 இற்கும் 34 இற்கும் உள்ள ஒரு புள்ளி வேறுபாட்டை வெற்றியென்று கொள்ளலாகாது. புள்ளிகள் எல்லாம் மதிப்பீடுகளே. கனத்தைச் சற்று அசைத்துப் பார்க்கவேண்டும். செலவை 4 ஆக்கி மகிழ்ச்சியை 2 ஆக்கினால், திருகோணமலை 34, நெடுந்தீவு 36; வரிசை புரண்டுவிடுகின்றது. செலவை 1 ஆக்கி மகிழ்ச்சியை 5 ஆக்கினாலும் நுவரெலியாவுக்கு 28 தான்; திருகோணமலைக்கோ 37. ஆகவே நுவரெலியாவைப் பற்றிய வாதத்தை இவ்வாண்டு விட்டுவிடலாம். மற்ற இரண்டிற்கும் இடையிலேதான் வீட்டார் பேசவேண்டும்.

விரும்பிய ஊர் வெல்லும்வரை கனத்தை மாற்றிக்கொண்டே போகிறவரும் உளர். அவருக்கு அட்டவணை தேவையில்லை! கனத்தைப் புள்ளியிடுமுன் எழுதி மூடிவைத்தால் இவ்விளையாட்டுக்கு இடமிராது.

இக்குடும்பத்தார் இறுதியிற் கேட்டது ஒரே வினா: ஆடும் படகிலே ஆச்சி ஏறி இறங்க முடியுமா? முடியாதென்றார். நெடுந்தீவின் பிரயாசைப் புள்ளி 3 இலிருந்து 2 ஆயிற்று, மொத்தம் 32. பெருக்குமரத்தையும் காட்டுக் குதிரைகளையும் பிள்ளைகள் தந்தையோடு வேறொரு நாளிற் சென்று பார்த்து வரலாமென முடிவாயிற்று. திருகோணமலையில் தங்குமிடம் தேட அன்றே தொடங்கினர்.