குகை கொடைக்கானலில்... செட் பெரும்பாவூரில்! ஒட்டு தெரியாமல் காட்சிகளை இணைப்பது எப்படி?

கொடைக்கானல் போகிறவர்கள் குணா குகையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. 1991-ல் வந்த கமலின் ‘குணா’ கொடுத்த பெயர் அது. 2024-ல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்த பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது. ஆனால், அங்கே போய் எட்டிப் பார்ப்பவர்கள் படத்தில் கண்ட குழியைத் தேடினால் ஏமாற்றம்தான். குகைக்குள் நடக்கும் காட்சிகளில் பெரும்பகுதி கேரளத்தின் பெரும்பாவூரில், ஒரு கிடங்குக்குள் போட்ட செட்டில் எடுக்கப்பட்டவை.

தியேட்டரில் உட்கார்ந்திருந்த யாருக்கும் அது உறைக்கவில்லை. கலை இயக்குநர் அஜயன் சாலிசேரியின் செட் அவ்வளவு அச்சு அசலாக இருந்தது ஒரு காரணம். எடிட்டிங் இன்னொரு காரணம். படத்தின் எடிட்டர் விவேக் ஹர்ஷன்.

2006-ல் நடந்த நிஜ சம்பவத்தை வைத்து வந்த அந்தக் கதையில் இரண்டு உலகங்கள் உண்டு. மேலே பதறி நிற்கும் நண்பர்கள். கீழே இருட்டுக்குள் விழுந்து கிடக்கும் ஒருவர். இரண்டையும் இணைப்பவை கயிறு, குரல், மழைத் தண்ணீர்... இவ்வளவுதான். இப்படி ஒரு கதையை வெட்டி ஒட்டும்போது, படம் மாறுகிற அதே நொடியில் ஒலியும் சட்டென்று மாறினால் பார்ப்பவருக்கு ‘இடம் மாறிவிட்டது’ என்று தெரிந்துவிடும். ஒலி மட்டும் தொடர்ந்தால், கண் கண்ட மாற்றத்தைக் காது மறைத்துவிடும். மேலே பெய்யும் மழையின் சத்தம் குழிக்குள் வரை கூடவே இறங்கினால், கொடைக்கானலும் பெரும்பாவூரும் ஒரே இடமாகிவிடும்.

எடிட்டர்கள் இதற்கு இரண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். அடுத்த காட்சியின் ஒலி முன்னால் வந்து, படம் பின்னால் வந்தால் ஜே கட். படம் மாறிய பிறகும் பழைய காட்சியின் ஒலி கொஞ்சம் நீடித்தால் எல் கட். எடிட்டிங் திரையில் மேலே படம், கீழே ஒலி என்று இரண்டு பட்டைகள் இருக்கும். கீழ்ப்பட்டை இடப்பக்கம் நீண்டால் ஆங்கில எழுத்து ஜே போலவும், வலப்பக்கம் நீண்டால் எல் போலவும் தெரியும். பெயர் வந்த கதை அதுதான்.

இதற்கு ஸ்டூடியோ வேண்டாம். கொடைக்கானல் டூர் வீடியோவை போனிலேயே இப்படி வெட்டலாம். ஒரு குடும்பம் வத்தலக்குண்டு வழியாக வேனில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் கிளிப்பில் ஜன்னலோரம் பாட்டி, 10 விநாடி. அடுத்தது வெள்ளி நீர்வீழ்ச்சி, 8 விநாடி. இரண்டையும் அப்படியே ஒட்டினால், வேன் இரைச்சலிலிருந்து அருவி இரைச்சலுக்குத் ‘தடால்’ என்று விழும்.

முதலில் இரண்டு கிளிப்புகளையும் சாதாரணமாக ஒட்டுங்கள். பிறகு இரண்டின் ஒலியையும் தனியாகப் பிரித்துவிடுங்கள். கிளிப்பைத் தொட்டால் வரும் பட்டியலில் அதற்கான வசதி பெரும்பாலான ஆப்களில் உண்டு. இப்போது பாட்டியின் படத்தை மட்டும் முடிவில் 2 விநாடி நீட்டுங்கள். அருவிப் படத்தின் தொடக்கத்தில் அதே 2 விநாடியைக் குறையுங்கள். ஒலிப் பட்டைகளில் கை வைக்க வேண்டாம். 10-வது விநாடியில் அருவிச் சத்தம் தொடங்கும். திரையில் இன்னும் பாட்டி முகம்தான். 12-வது விநாடியில் அருவி தெரியும். அந்த 2 விநாடியில் பாட்டி தற்செயலாக ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தால், சத்தம் கேட்டுத்தான் திரும்பினார் என்றே எல்லோரும் நம்புவார்கள்.

நீட்டியதும் குறைத்ததும் சமமாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். நீட்டிவிட்டுக் குறைக்க மறந்தால், பின்னால் வரும் படமெல்லாம் 2 விநாடி தள்ளிப் போகும். ஒலியோ பழைய இடத்திலேயே நிற்கும். பேசுகிறவரின் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்றாகிவிடும். வேலை முடிந்ததும் யாராவது கைதட்டும் இடத்தையோ, பேசும் இடத்தையோ ஓட்டிப் பார்த்தால் பிசகு உடனே தெரியும்.

இன்னொரு சிக்கல், நீட்டுவதற்குப் படமே இல்லாமல் போவது. நம்மில் பலர் பாட்டி திரும்பியவுடன் ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுகிறோம். ஒவ்வொரு ஷாட்டிலும் முன்னால் 3 விநாடி, பின்னால் 3 விநாடி கூடுதலாக ஓடவிட்டால்தான் இந்த வித்தைக்கு இடம் கிடைக்கும்.

எல் கட்டுக்கு அதே கணக்கு, தலைகீழாக. அருவியடியில் பேத்தி சிரிக்கிறாள், அடுத்து ஏரி. அருவிப் படத்தின் முடிவில் ஒன்றரை விநாடி குறைத்து, ஏரிப் படத்தின் தொடக்கத்தில் ஒன்றரை விநாடி நீட்டினால், ஏரியின் மேலே அவள் சிரிப்பு மிதந்து வந்து அடங்கும். அந்த நேரத்தில் ஏரிப் படத்தில் வேறு யாரும் வாயசைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பேத்தியின் சிரிப்பு பெடல் போட்டில் இருக்கும் மாமா வாயிலிருந்து வரும்!

முழு வீடியோவுக்கும் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு எல்லா ஒலியையும் அணைத்துவிடுபவர்களுக்கு இந்தச் சுகம் எதுவும் கிடையாது. பாட்டு வேண்டுமென்றால் தாழ்வாக ஓடட்டும். இணைப்பு வரும் இடங்களில் அதை இன்னும் இறக்கிவிடலாம்.

மூன்றாவது வழி, மேட்ச் கட். இதில் ஒட்டும் வேலையைப் படமே செய்யும். 1962-ல் வந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வில் நாயகன் தீக்குச்சியை ஊதுவான், அடுத்த ஷாட்டில் பாலைவனத்தில் சூரியோதயம். எடிட்டர் ஆன் கோட்ஸ். கொடைக்கானலில் ஏரியைச் சுற்றி ஓட்டும் வாடகை சைக்கிளின் சக்கரத்திலிருந்து, மலையிறங்கும் வேனின் சக்கரத்துக்குத் தாவலாம். இரண்டும் வட்டமாக இருந்தால் மட்டும் போதாது. திரையில் ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே அளவில், ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும்.

சோதிக்க விரல் போதும். முதல் கிளிப்பின் கடைசி ஃப்ரேமில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் விரலை வையுங்கள். அப்படியே அடுத்த ஃப்ரேமுக்கு நகர்த்துங்கள். புதிய சக்கரத்தின் நடு விரலுக்கடியில் வந்தால் சரி. கொஞ்சம் விலகினால் இரண்டாவது கிளிப்பைச் சற்றுப் பெரிதாக்கி நகர்த்திக்கொள்ளலாம். பாதித் திரை தள்ளியிருந்தால் விட்டுவிடுவதே நல்லது. பெரிதாக்கப் பெரிதாக்கப் படம் மங்கும்.

‘மஞ்சும்மல் பாய்ஸி’ல் வடம் இழுக்கும் போட்டியில் தோற்கும் நண்பர்கள், பிறகு அதே போலக் கயிற்றைப் பிடித்து உயிருக்காக இழுப்பார்கள். இரண்டும் அடுத்தடுத்து வரும் ஷாட்டுகள் அல்ல என்பதால் கறாராகச் சொன்னால் இது மேட்ச் கட் இல்லை. ஆனால் முதல் காட்சி மனதில் இருப்பதால்தான் இரண்டாவது அப்படிப் பதைக்க வைக்கிறது.

கோக்கர்ஸ் வாக்கில் மலையே ஒரு மேட்ச் கட்டைத் தரும். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறித் திரை முழுக்க வெள்ளையாகும்வரை கேமராவை நிறுத்தாமல் பிடியுங்கள். பிறகு டீக்கடையில், கொதிக்கும் பாலின் ஆவி திரையை மறைக்கும் இடத்திலிருந்து அடுத்த ஷாட்டைத் தொடங்குங்கள். அங்கே காற்று போன் மைக்கில் ‘புர்ர்’ என்று அடித்துப் பாதி ஒலியைக் கெடுத்திருக்கும். அதைத் தூக்கிவிட்டு, டீ ஆற்றும் சத்தத்தை ஒரு விநாடி முன்னாலேயே பனிக்குள் விட்டால் போதும். ஆவி விலகும்போது பாட்டி கையில் கிளாஸ் இருக்கும்.