கரப்பானுக்கு ஸ்ப்ரேயா, ஜெல்லா?

ஸ்ப்ரே அடித்தால் கண்ணில் பட்ட கரப்பான்கள் மல்லாந்துவிடும். இடுக்கில் பதுங்கிய பெருங்கூட்டம் தப்பிவிடும். ஜெல்லைத் தின்ற கரப்பானோ உடனே சாகாமல் பொந்துக்குத் திரும்புகிறது. அதன் எச்சத்தையும் செத்த உடலையும் தின்னும் குஞ்சுகளுக்கும் விஷம் போய்ச் சேர்கிறது.

சமையலறையின் சின்னப் பழுப்புக் கரப்பானுக்கு இதுதான் சரி. மிளகுப்பொடி தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் தெரிகிற இடமே அதன் குடியிருப்பு. அலமாரிக் கீல், சிங்க்குக்கு அடியில் குழாய் நுழையும் ஓட்டை, ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம் என உளுந்தளவுப் பொட்டுகளாக, குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள். ஒரே இடத்தில் அப்புவது வீண். பக்கத்தில் ஸ்ப்ரே அடித்தாலோ, கரப்பான் அந்த ஜெல்லைச் சீந்தாது. ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்: பொட்டு தீர்ந்திருந்தால் மறுபடி வையுங்கள், தொடப்படாமல் காய்ந்திருந்தால் இடத்தை மாற்றுங்கள்.