ஏணியும் இரவல் தரும் நூலகம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள பெர்க்லி நகரில், நூலக உறுப்பினர்கள் புத்தகத்தோடு ஏணியையும் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். 1979-இல் சமூக மேம்பாட்டுக்கான அரசு மானியம் 30,000 டாலரைக் கொண்டு, ஒரு டிரெய்லர் வண்டிக்குள் தொடங்கியது அந்நகரப் பொது நூலகத்தின் கருவிப் பிரிவு. இன்று நூலகத்தின் தெற்குக் கிளையோடு சேர்ந்து இயங்குகிறது. நகரவாசிகளுக்குக் கட்டணம் கிடையாது. அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் தேவை.

கொடுப்பது எளிது. இத்தகைய நூலகம் நிலைப்பதும் படுத்துவிடுவதும் கருவி திரும்பி வரும் மேஜையில்தான் என்று நினைக்கிறேன். புத்தகம் கிழிந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும். டிரில்லிங் மெஷினுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது.

ஒருவர் கான்கிரீட் சுவரில் திரைச்சீலைக் கம்பி மாட்ட ஹேமர் டிரில் வாங்கிப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மழுங்கிய பிட்டைப் போட்டு, இறங்காததால் முழு பலத்தோடு அழுத்துகிறார். மோட்டார் திணறிச் சூடேறுகிறது. திரும்பி வந்ததும் பொறுப்பாளர் முதலில் ஒயர் மெஷினுக்குள் நுழையும் இடத்தை வளைத்துப் பார்க்க வேண்டும். மேலுறை வெடிப்பது பெரும்பாலும் அங்கேதான். அடுத்து ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். காற்றுத் துளை வழியே சிறு நீலப் பொறி தெரிவது இயல்பு. பொறி பெரிதாகப் பறந்தாலோ, விட்டுவிட்டு ஓடினாலோ கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அது விலை குறைந்த பாகம், உடனே மாற்றிவிடலாம். கவனிக்காமல் அடுத்தவருக்குக் கொடுத்தால் ஆர்மேச்சரும் கெட்டு, செலவு எங்கேயோ போய்விடும். கருகிய வாடை வந்தால் மெஷினை அலமாரியில் வைக்கவே கூடாது.

இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். ஆனால் கருவி தெரிந்த ஒருவர் அந்த நேரத்தில் அங்கே இருந்தாக வேண்டும். தன்னார்வலர்களை மட்டும் நம்பித் தொடங்கும் இடங்களில் முதலில் தட்டுப்படுவது இந்த ஆள்தான். பெர்க்லியில் இது நூலகத்தின் வழக்கமான சேவைகளுள் ஒன்றாக இருப்பதால் மேஜை காலியாவதில்லை.

இன்னொரு சிக்கல், தாமதம். எல்லாருக்கும் கருவி தேவைப்படுவது வார இறுதியில். ஒருவர் திங்கள்கிழமை தராமல் வைத்துக்கொண்டால் அடுத்த சனிக்கிழமைக்குக் காத்திருப்பவர் கடைக்குப் போய்ப் புதிதாக வாங்கிவிடுவார். பிறகு நூலகத்துக்கு அவர் வரமாட்டார். ஆகவே தாமதக் கட்டணத்தைக் கடுமை என்று நான் நினைக்கவில்லை.

தேய்ந்து தீரும் பிட், உப்புத்தாள் போன்றவற்றை இரவல் வாங்குபவரே வாங்கிக்கொள்வது நல்லது. பெட்ரோலில் ஓடும் கருவிகளைத் தொடக்கத்தில் தவிர்க்கலாம்: டேங்கில் எரிபொருளை மிச்சம் வைத்துத் திருப்பித் தந்தால், நாளடைவில் அது பிசினாகிக் கார்புரேட்டரை அடைத்துவிடும். ஏணி, பைப் ரெஞ்ச், ஹேமர் டிரில் ஆகிய மூன்றோடு ஒரு தெருவே தொடங்கலாம்.