எடை ஏறும், தசை ஏறுமா?

ஒல்லியான பையன் ஜிம்மில் சேர்ந்ததும் காதில் விழும் முதல் யோசனை பெரும்பாலும் இதுதான்: "கெய்னர் வாங்கிக் குடி தம்பி, ரெண்டே மாசத்துல ஏறிடும்." அடுத்த வாரமே வீட்டு அலமாரியில் மூன்று கிலோ டப்பா ஒன்று உட்கார்ந்துவிடுகிறது. முன்பக்கத்தில் புடைத்த புஜங்களின் படம். படிக்க வேண்டியதோ பின்பக்கம்.

சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசைப்படுத்தி அச்சிட வேண்டும் என்பது விதி. பெரும்பாலான மாஸ் கெய்னர் டப்பாக்களில் முதலில் வருவது மால்டோடெக்ஸ்ட்ரின். மக்காச்சோளம், மரவள்ளி போன்றவற்றின் மாவுச்சத்தை உடைத்து எடுக்கும் வெள்ளைப் பொடி இது. அதிகம் இனிக்காது. ஆனால் கிட்டத்தட்ட குளுக்கோஸ் அளவுக்கே வேகமாக ரத்தச் சர்க்கரையை ஏற்றும். புரதம் அதற்குப் பிறகுதான். நூறு கிராம் கெய்னரில் 380 கலோரி என்றால், 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் 15 முதல் 20 கிராம் வரை புரதமும் இருப்பது வழக்கம்.

புரோட்டீன் பவுடர் என்று விற்கப்படும் வே புரோட்டீன் வேறு பொருள். சீஸ் தயாரிக்கும்போது பாலிலிருந்து பிரியும் தெளிந்த நீரை வடிகட்டி உலர்த்தியது. 30 கிராம் ஸ்கூப் ஒன்றில் 20 முதல் 25 கிராம் புரதம் கிடைக்கும். கலோரி சுமார் 120தான். எடை ஏறவில்லையே என்று இதை மட்டும் தண்ணீரில் கலக்கிக் குடிக்கிற பையனுக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒரு தோசையின் சக்தி.

20 வயது, 50 கிலோ எடையுள்ள கல்லூரி மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். காலையில் அவசரமாக இரண்டு இட்லி, மதியம் சாம்பார் சாதம், மாலையில் டீயும் வடையும், இரவில் மூன்று தோசை. எடை கூட இவருக்குத் தினமும் 300 முதல் 500 கலோரி கூடுதலாக வேண்டும். எடை தூக்கிப் பயிற்சி செய்பவர் என்றால் கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கில் 80 கிராம் புரதம் போதும். அதற்கு மேல் போனால் தசைக்குப் பெரிய லாபம் இல்லை. நூறு கிராம் கெய்னர் அந்தக் கலோரியைக் கொடுத்துவிடும். அரை லிட்டர் பால், இரண்டு வாழைப்பழம், ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை சேர்ந்தால் சுமார் 640 கலோரியும் 25 கிராம் புரதமும் கிடைக்கும். புரதக் கணக்கில் கெய்னரைவிட இதுவே மேல்.

ஆக, நேரமும் பசியும் இல்லாதவருக்குக் கலோரியைச் சுலபமாக உள்ளே அனுப்புவது, அவ்வளவுதான் கெய்னரின் வேலை. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. மாலை ஆறு மணிக்குக் கெட்டியாகக் கலக்கிக் குடித்தவர் இரவில் ஒரே தோசையோடு எழுந்துவிடுவார். இங்கே கூடியது அங்கே கழிந்துவிடும். சாப்பாட்டுக்கு முன்னால் குடிக்காமல், சாப்பிட்ட பிறகோ படுக்கப் போகும் முன்போ குடித்தால் இது குறையும்.

தசையை வளர்ப்பது பொடியல்ல, சுமை. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கும்போதுதான் வந்த புரதத்தை உடல் தசையாக்குகிறது. சுமை இல்லாவிட்டால் மிச்சக் கலோரி கொழுப்பாகத்தான் சேரும். இதைக் கண்டுபிடிக்க இஞ்சு டேப் போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தொப்புள் மட்டத்தில் இடுப்பை அளந்து பாருங்கள். எடையும் இடுப்பும் ஏறி, தூக்கும் எடை மட்டும் அப்படியே நின்றால் சேர்வது தொப்பைதான். டப்பாவில் கிரியாட்டின் கலந்திருந்தால் முதல் சில வாரங்களில் ஏறும் ஒன்றிரண்டு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்; அதைத் தசை என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

சிலருக்குக் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பி, பேதியாகும். பால் சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காததே பல சமயம் காரணம். சில நாட்கள் நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

லேபிளையும் முழுதாக நம்பிவிட முடியாது. கேரளத்தின் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸ் குழுவினர் இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளைச் சோதித்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 70 சதவீதப் பொடிகளில் புரத அளவு அச்சிட்டபடி இல்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது.

பொடியால் முடியாத இன்னொன்று, மெலிவுக்கான நோயைக் குணப்படுத்துவது. பிறந்ததிலிருந்தே ஒல்லி, குடும்பவாகு அப்படி என்றால் பயமில்லை. நன்றாக இருந்த உடம்பு சில மாதங்களில் இளைத்தால் விஷயம் வேறு. காசநோய், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இளம் வயதுச் சர்க்கரை நோய் எல்லாமே எடை குறைவதில் தொடங்கலாம். கடைசியாகச் சொன்னதில் அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருக்கும். அந்த நிலையில் ஒரு டம்ளர் கெய்னர் ஆபத்தையே கூட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், படபடப்பு, தாகம், இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் டாக்டரிடம் போய் ரத்தச் சர்க்கரை, தைராய்டு, சளிப் பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் காசநோய்ப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் காசு கிடையாது.